‘என் காலத்துக்குப் பிறகு’: உறுப்பு தான வாசகங்களை எழுதும் முறை

உறுப்பு தான உறுதிமொழிக்கு வாசகம் எழுதுபவருக்கு இரண்டு வாசகர்கள் உண்டு. ஒருவர், சுவரொட்டியை நின்று படித்துவிட்டுப் படிவம் வாங்கிப் போகிறவர். மற்றவர், என்றோ ஒரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கப்போகும் அவருடைய மனைவியோ கணவரோ, மகளோ தாயோ. முதலாமவரின் கையெழுத்து கிடைப்பது அவ்வளவு கடினமில்லை. ஆனால் கடைசியில் ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்லப்போகிறவர் இரண்டாமவர்தான்.

1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, ஒருவர் உயிரோடு இருக்கும்போதே தம் விருப்பத்தைப் பதிவு செய்யலாம். இதற்கான படிவத்தின் எண் 7. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். அவர்களில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். அவர் இறந்த பிறகு குடும்பத்தினர் ஒப்புதல் தருவது படிவம் 8இல். உறுதிமொழி அட்டை பையிலேயே இருந்தாலும், குடும்பம் மறுத்துவிட்டால் மருத்துவமனைகள் உறுப்புகளை எடுப்பதில்லை. எத்தனை பேரைக் கையெழுத்திட வைத்தது என்பதைக் கொண்டு மட்டும் ஒரு சுவரொட்டியை எடைபோட முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

தமிழில் இத்தகைய வாசகங்கள் பெரும்பாலும் கண் தானத்தை ஒட்டி வளர்ந்தவை. மண்ணுக்குப் போவதை மனிதருக்குக் கொடுப்போம் என்ற பாணி அங்கிருந்து வந்தது. கண்ணுக்கு அது பொருந்தும். ஒருவர் வீட்டில் இயல்பாக இறந்தாலும், ஆறு மணி நேரத்துக்குள் தகவல் தெரிந்தால் கண் வங்கிக்காரர்கள் வீட்டுக்கே வந்து விழிவெண்படலத்தை எடுத்துக்கொள்கிறார்கள். இதயம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. நம் நாட்டில் அவை பெரும்பாலும் மருத்துவமனையில் மூளைச்சாவு உறுதிசெய்யப்பட்டவரிடமிருந்தே பெறப்படுகின்றன. அவருடைய மூச்சை வென்டிலேட்டர் நடத்திக்கொண்டிருக்கும், இதயம் துடித்துக்கொண்டிருக்கும், கையைத் தொட்டால் சூடு இருக்கும். இந்த நிலையில் இருக்கும் மகனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயிடம் மண்ணுக்குப் போவதைப் பற்றிய எந்த வாசகமும் ஒட்டாது, காயப்படுத்தும். மறுபக்கம், எழுபது வயதில் வீட்டில் காலமான ஒருவரின் அட்டையை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசுவார்கள். கண்ணையும், வசதி இருந்தால் தோலையும் தவிர வேறெதையும் எடுக்க இயலாது என்ற பதில் கிடைக்கும்போது, அப்பாவின் ஆசையை நிறைவேற்ற முடியவில்லையே என்று வருந்துவார்கள். சுவரொட்டியில் ஒரு வரி கூடுதலாக இருந்திருந்தால் அந்த வருத்தத்தைத் தவிர்த்திருக்கலாம்.

வாசகத்தில் மிக நுட்பமாகக் கையாள வேண்டியது ‘நீங்கள்’ என்ற சொல். ‘நீங்கள் இறந்த பிறகு எட்டுப் பேரை வாழவைக்கலாம்’ என்பதில் தகவல் பிழை பெரிதாக இல்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் எதிரே நின்று ‘நீங்கள் இறந்த பிறகு’ என்று பேச்சைத் தொடங்கினால் தமிழ்க் காதில் அது சாபம்போல விழும். புறநோயாளிகள் பிரிவில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் பெண் அந்த வரியைப் படித்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வது இயல்பு. அதே பேச்சைத் தன்மையில் வைத்தால் நிலைமை மாறிவிடுகிறது. நம் வீடுகளில் மூத்தவர்கள் நகையைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் ‘என் காலத்துக்கு அப்புறம்’ என்று கூச்சமில்லாமல் பேசுவார்கள். தம் மரணத்தைத் தாமே சொல்வதற்குத் தமிழ் தந்திருக்கும் கண்ணியமான வழி அது. உறுதிமொழி வாசகம் அந்த வழியில் போவது நல்லது.

மருத்துவமனை பேசும் இடத்தில் இந்த மென்மை உதவாது. ‘மூளை செயலிழந்துவிட்டது’, ‘மெஷினில்தான் உயிர் இருக்கிறது’ என்ற பேச்சுகள் இன்னும் நம்பிக்கை இருப்பதாகக் குடும்பத்தை எண்ண வைக்கும். பிறகு உறுப்பு தானம் பற்றிக் கேட்கும்போது, உயிரோடு இருப்பவரிடமிருந்து எடுக்கக் கேட்கிறார்கள் என்ற திகில்தான் எழும். மூளைச்சாவு என்பது மரணம் என்று அங்கே நேராகச் சொல்ல வேண்டும். ‘இறந்தும் வாழ்கிறார்’ என்ற அழகான வரியும் இதே குழப்பத்துக்குத் துணைபோகக்கூடியது. நினைவேந்தலில் அது ஆறுதல் தரலாம். இறந்தாரா இல்லையா என்று குடும்பம் தவித்துக்கொண்டிருக்கும் கட்டிடத்தின் சுவரில் அது இருக்கக் கூடாது.

எந்த வரி கையெழுத்தைக் கொண்டுவரும் என்பதை ஆராய்ந்து பார்த்தவர்கள் உண்டு. 2013இல் பிரிட்டனில், வாகன வரி கட்டியோ ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்தோ முடித்தவர்களின் திரையில் உறுப்பு தானப் பதிவுக்கான அழைப்பு காட்டப்பட்டது. எட்டு விதமான அழைப்புகளைப் பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்களிடையே பிரித்துக் காட்டினார்கள். ஒன்று வெறும் அழைப்பு. இன்னொன்று, தினமும் ஆயிரக்கணக்கானோர் பதிவு செய்கிறார்கள் என்றது. மற்றொன்று, போதிய கொடையாளர்கள் இல்லாததால் தினமும் மூன்று பேர் இறக்கிறார்கள் என்றது. அதிகம் பேரைப் பதிவு செய்ய வைத்தது ஒரு கேள்விதான்: உங்களுக்கு உறுப்பு மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்டால் செய்துகொள்வீர்களா, அப்படியானால் மற்றவர்களுக்கும் உதவுங்கள் என்பது அதன் சாரம். வியப்பு என்னவென்றால், ஆயிரக்கணக்கானோர் என்ற வரியோடு ஒரு கூட்டத்தின் புகைப்படத்தைச் சேர்த்தபோது, வெறும் அழைப்புக்குக் கிடைத்த பதிவுகூடக் கிடைக்கவில்லை. சுவரொட்டி என்றாலே சிரித்த முகங்களின் படம் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. இந்த ஆய்வுக்கு ஓர் எல்லையும் உண்டு. அது அளந்தது பதிவுகளை மட்டுமே. பின்னாளில் குடும்பங்கள் என்ன முடிவெடுத்தன என்பதை அல்ல.

ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் கூடத்துக்குச் சுவரொட்டி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் வரைவு இப்படி இருக்கலாம்: ‘நீங்கள் இறந்தால் எட்டு உயிர்கள் பிழைக்கும். இன்றே உறுதிமொழி எடுங்கள்.’ இதில் ‘இறந்தால்’ என்பது ஒருவரின் மரணத்தை எட்டுப் பேர் எதிர்பார்த்துக் காத்திருப்பதாக ஒலிக்கிறது. எட்டு என்ற கணக்கும் உச்சவரம்புதான். இதயம், இரண்டு நுரையீரல், இரண்டு சிறுநீரகம், கணையம், குடல், கல்லீரல் என எல்லாமே பயன்பட்டால் வரும் எண் அது. வயது, நோய், தொற்று ஆகியவற்றைப் பொறுத்துப் பல நேரங்களில் இரண்டு மூன்று உறுப்புகளே பொருந்துகின்றன. எட்டு என்று கேள்விப்பட்ட குடும்பம், சிறுநீரகங்கள் மட்டுமே பயன்பட்டன என்று அறியும்போது தங்கள் கொடை குறைந்துபோனதாக நினைக்கும். எண்ணை விட்டுவிட்டு ‘சிலர்’ என்று எழுதினால் எதுவும் கெட்டுவிடாது.

இரண்டாவது வரைவில் பிரிட்டனில் பலித்த கேள்வியைத் தன்மைக்கு மாற்றலாம்: ‘எனக்கு உறுப்பு தேவைப்பட்டால் வாங்கிக்கொள்வேன். அதனால் கொடுக்கவும் தயார்.’ தொனி சரியாகிவிட்டது. ஆனால் ‘வாங்கிக்கொள்வேன்’ என்பது விலைக்கு வாங்குவதாகவும் படும். உறுப்பு வணிகம் சட்டப்படி குற்றம். அதைப் பற்றிய பயமும் மக்களிடம் இருக்கிறது. ‘ஏற்றுக்கொள்வேன்’ என்று மாற்றிவிட்டால் அந்த நெருடல் போய்விடும். இன்னொன்று, இந்த வரைவில் குடும்பமே இல்லை. மூன்றாவது வரைவில் அது வருகிறது:

‘எனக்கு ஓர் உறுப்பு தேவைப்பட்டால் ஏற்றுக்கொள்வேன். என் காலத்துக்குப் பிறகு என் உறுப்புகள் யாருக்காவது உதவுமென்றால் கொடுத்துவிடுங்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.’

அதன் கீழே சிறிய எழுத்தில்: ‘மூளைச்சாவு என்பது மரணம், கோமா வேறு. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதிசெய்கிறது. உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை செய்பவர்கள் அந்தக் குழுவில் இல்லை. அறுவைக்குப் பின் உடல் தையலிடப்பட்டு, இறுதிச் சடங்குக்காகக் குடும்பத்தினரிடம் ஒப்படைக்கப்படும். வீட்டில் இயல்பாக இறப்பவர்கள் கண் தானம் செய்யலாம்.’

இந்தச் சிறிய எழுத்துதான் இரண்டாவது வாசகருக்கானது. அவருடைய பயங்கள் இரண்டு: உறுப்புக்காகச் சீக்கிரம் முடித்துவிடுவார்களோ, உடலைக் கூறுபோட்டுத் தருவார்களோ என்பவை. ‘உடல் உடனே ஒப்படைக்கப்படும்’ என்று எழுதாததற்கும் காரணம் உண்டு. மூளைச்சாவுகள் பலவும் சாலை விபத்துகளால் நேர்கின்றன. அவற்றில் பிரேதப் பரிசோதனை நடந்தாக வேண்டும். சோதனைகள், உறுப்பு ஒதுக்கீடு, அறுவை எல்லாம் சேர்ந்து பல மணி நேரம் ஆகும். ‘உடனே’ என்று சுவரில் படித்துவிட்டு ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களோடு விடியும்வரை காத்திருப்பவர்கள் அதன் பிறகு மருத்துவமனை சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள்.

‘வீட்டில் சொல்லிவிட்டேன்’ என்பது எழுதுவதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். மகள் பேச்சை எடுத்தவுடன் “விளக்கு வெச்ச நேரத்துல என்ன பேச்சு இது?” என்று அம்மா தடுத்துவிடுவார். அதனால் துண்டறிக்கையில் பேச்சைத் தொடங்க ஒரு வழியும் கொடுப்பது பயன்படும். “அம்மா, இந்தப் படிவத்துல சொந்தக்காரங்க ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து போடணுமாம். நீங்க போடுறீங்களா?” என்று கேட்கலாம். சாட்சி வேண்டும் என்ற சட்டத்தின் நிபந்தனை இங்கே நல்ல சாக்காக அமைகிறது. சாட்சியாகும் தாய், மகளின் விருப்பத்தை அவள் வாயாலேயே கேட்டவராகிறார். மருத்துவமனையில் ஒப்புதலைத் தடுப்பது பல நேரங்களில் விஷயமே தெரியாத சித்தப்பாவோ தாய்மாமனோதான் என்பதால், ‘மூத்தவர்களிடமும் சொல்லி வையுங்கள்’ என்ற வரியும் துண்டறிக்கையில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த வாசகங்களுக்குப் பின்னால் ஒரு பெயர் இருக்கிறது. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற சிறுவனின் உறுப்புகளை மருத்துவர்களான அவருடைய பெற்றோர் தானம் செய்தார்கள். போக்குவரத்தை ஒழுங்குசெய்து அந்த இதயத்தைச் சென்னைச் சாலைகளில் விரைந்து கொண்டுசென்ற செய்தியைப் படித்த பலருக்கு மூளைச்சாவு என்ற சொல்லே அன்றுதான் தெரிந்தது. எந்தச் சுவரொட்டியும் செய்யாத வேலையை அந்தக் குடும்பத்தின் முடிவு செய்தது. அதற்காக ஒரு குடும்பத்தின் துயரத்தை எல்லாச் சுவர்களிலும் ஒட்டிவிட முடியாது. கொடையாளரின் படத்தையோ பெயரையோ பயன்படுத்தும் முன் குடும்பத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். பின்னாளில் அவர்கள் மனம் மாறினால் படத்தை எடுத்துவிடவும் வேண்டும். உறுப்பு பெற்றவர் யார் என்பது பொதுவாகக் குடும்பத்துக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. எனவே ‘உங்கள் மகனின் இதயத் துடிப்பை மீண்டும் கேட்கலாம்’ என்பதுபோல எழுதுவது காப்பாற்ற முடியாத வாக்குறுதி.

2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குகள் அரசு மரியாதையுடன் நடத்தப்படும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். அதை உறுதிமொழிச் சுவரொட்டியின் தலைப்பில் ‘கொடுத்தால் இது கிடைக்கும்’ என்ற தோரணையில் வைத்தால் கைம்மாறுபோல ஆகிவிடும். துண்டறிக்கையின் கடைசிப் பகுதியில் தகவலாகச் சொன்னால் போதும்.

எங்கே ஒட்டுவது என்பதும் வாசகத்தோடு சேர்ந்ததே. கல்லூரி, ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகம், புறநோயாளிகள் கூடம் ஆகியவை ஏற்ற இடங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலும் காத்திருப்போர் கூடமும் ஏற்றவை அல்ல. உள்ளே இருப்பவர் பிழைப்பார் என்று வேண்டிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அங்கே எந்த வாசகமும் அவசரமாகவே படும். மரணச் செய்தியை மருத்துவர் சொல்லி, குடும்பம் அதை உள்வாங்க நேரம் கொடுத்து, அதன் பிறகே உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் தனியறையில் உட்கார்ந்து தானத்தைப் பற்றிப் பேசுவதுதான் முறை. அவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, இறந்தவர் இதைப் பற்றி எப்போதாவது வீட்டில் பேசியிருக்கிறாரா என்பது.