‘ஸாடே தீன் ஸௌ’ என்றால் எவ்வளவு?

வேலை மாற்றலில் டெல்லிக்குப் போகும் தமிழர்களில் பலர், கிளம்புவதற்கு முன்பே கொஞ்சம் இந்தி கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ‘இது என்ன விலை?’, ‘குறைத்துக் கொடுங்கள்’ என்பதெல்லாம் வாயில் நன்றாகவே வரும். ஆனால் சரோஜினி நகர் நடைபாதைக் கடையில் போய் நின்றதும் தடுமாற்றம் வந்துவிடுகிறது. பேசுவதில் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. கடைக்காரர் சொன்ன விலைதான் பிடிபடுவதில்லை.

அதனால் பேரம் பேசப் பழகுகிறவர்கள் வீட்டில் இரண்டு பேராக உட்கார்ந்து கடைக்காரர், வாங்குபவர் என்று நடித்துப் பார்க்கும்போது, முதல் கவனத்தைக் கடைக்காரர் வேடத்துக்குத் தர வேண்டும். இந்தி நன்றாகத் தெரிந்தவர்தான் முதலில் கடைக்காரராக வேண்டும். கற்றுக்கொள்கிறவர் வாங்குபவராகட்டும். ஒரு குர்தாவை வைத்து இப்படித் தொடங்கலாம்:

“பையா, யே குர்தா கித்னே கா ஹை?” (அண்ணே, இந்தக் குர்தா என்ன விலை?)

“ஸாடே சார் ஸௌ, மேடம்.” (நானூற்றைம்பது, மேடம்.)

“ஜ்யாதா ஹை. குச் கம் கீஜியே.” (ஜாஸ்தியா இருக்கு. கொஞ்சம் குறைச்சுக்கோங்க.)

“ஆப் போலியே, கித்னா தேங்கி?” (நீங்களே சொல்லுங்க, எவ்வளவு தருவீங்க?)

“தோ ஸௌ.” (இருநூறு.)

“தோ ஸௌ மே தோ கரீத் பீ நஹி ஹை. சலியே, சார் ஸௌ.” (இருநூறுக்கு எனக்கு அசலே கட்டாது. சரி, நானூறு.)

“டாயி ஸௌ.” (இருநூற்றைம்பது.)

“ஸாடே தீன் ஸௌ, லாஸ்ட்.” (முந்நூற்றைம்பது, இதுதான் கடைசி.)

“ரஹ்னே தீஜியே.” (இருக்கட்டும், வேண்டாம்.)

“அரே மேடம், ஸுனியே! ந ஆப்கா, ந மேரா, தீன் ஸௌ.” (அட மேடம், கேளுங்க! உங்க விலையும் வேணாம், என் விலையும் வேணாம், முந்நூறு.)

“டீக் ஹை, தே தீஜியே.” (சரி, குடுங்க.)

இதில் வாங்குபவர் பேசியது மிகக் கொஞ்சம். ஆறு சின்ன வாக்கியங்களை மனப்பாடம் செய்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. கடினமெல்லாம் எதிர்ப்பக்கத்தில் வரும் எண்களில்தான் இருக்கிறது. இந்திக்காரர்கள் 350ஐப் பெரும்பாலும் ‘மூன்று நூறு ஐம்பது’ என்று சொல்வதில்லை, ‘மூன்றரை நூறு’ என்கிற கணக்கில்தான் சொல்கிறார்கள். அந்த அரைக்கு ‘ஸாடே’. 450 ஸாடே சார் ஸௌ, 550 ஸாடே பாஞ்ச் ஸௌ. ஆனால் 150க்கும் 250க்கும் ஸாடே வராது. அவற்றுக்கு டேட் ஸௌ, டாயி ஸௌ என்று தனிச் சொற்கள் உண்டு. நூறும் காலும் சேர்ந்த 125 ‘ஸவா ஸௌ’. இருநூறுக்குக் கால் குறைந்த 175 ‘பௌனே தோ ஸௌ’. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘தோ ஸௌ’ என்று காதில் விழுந்ததும் இருநூறு என்று எடுத்துக்கொண்டு, முன்னால் வந்த ‘பௌனே’யை விட்டுவிடுகிறார்கள்.

சின்ன எண்களிலும் சிக்கல் உண்டு. பச்சீஸ் 25, பசாஸ் 50, பச்பன் 55, பசாஸி 85. சந்தை இரைச்சலில் இவை நான்கும் ஒன்றாகவே கேட்கும். இந்தியில் நூறு வரையிலான எண்களுக்குத் தமிழைப் போலப் பத்தையும் ஒன்றையும் சேர்த்துச் சொல்லும் சுலபமான விதி கிடையாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டுத்தான் பழக வேண்டும். அதனால் நடிக்கும்போது கடைக்காரராக இருப்பவர் வாங்குபவரின் முகத்தைப் பார்க்காமல், துணியை மடித்துக்கொண்டே, கொஞ்சம் திரும்பி நின்று விலையைச் சொல்ல வேண்டும். டிவியும் ஓடிக்கொண்டிருந்தால் நல்லது. விரலைக் காட்டுவதோ, கால்குலேட்டரில் தட்டிக் காட்டுவதோ, ஆங்கிலத்துக்கு மாறுவதோ கூடாது. நிஜக் கடைக்காரர் வெளியூர்க்காரரைக் கண்டதும் இதையெல்லாம் தாமாகவே செய்துவிடுவார். பழகும் இடத்திலும் அந்த உதவி கிடைத்தால் காது பழகாது.

புரியவில்லை என்றால் பேசாமல் தலையாட்டிவிடுவதுதான் பெரிய தவறு. ‘ஏக் பார் ஃபிர் போலியே’, ஒரு தடவை மறுபடி சொல்லுங்கள் என்று கேட்கலாம். அதைவிட நல்ல வழி, தன் கணக்கில் திருப்பிக் கேட்பது: “தீன் ஸௌ பசாஸ்?” மூன்று நூறு ஐம்பதா என்றால் எந்தக் கடைக்காரருக்கும் புரியும். ‘ஸாடே’யை நம் வாயால் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை, காதில் விழுந்தால் பிடிபட வேண்டும், அது போதும்.

எழுதி வைத்த உரையாடலை இரண்டு தடவை சொன்ன பிறகு அதைத் தூரப் போட்டுவிட வேண்டும். முடிவு தெரிந்துவிட்டால் அது பேரமாக இருக்காது, ஒப்பித்தல் ஆகிவிடும். மொழி வகுப்புகளில் இதற்குச் சீட்டு முறை ஒன்று உண்டு. கடைக்காரரின் சீட்டில் ‘450இல் தொடங்கு, 260க்குக் கீழே கொடுக்காதே’ என்று இருக்கும். வாங்குபவரின் சீட்டில் ‘கையில் இருப்பது 300’ என்று இருக்கும். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. 260க்கும் 300க்கும் நடுவில் எங்கோ பேரம் படியும் என்பது இருவருக்குமே தெரியாது என்பதால், ஒவ்வொரு எண்ணையும் கவனித்துக் கேட்டே ஆக வேண்டியிருக்கும். அடுத்த சுற்றில் கடைக்காரரின் கடைசி விலையை 320 ஆக்கிவிடுங்கள். இப்போது பேரம் படியவே படியாது. வாங்காமல் மரியாதையாக நகர்ந்து போகவும் பழக வேண்டும் அல்லவா? மூன்றாவது சுற்றில் கடைக்காரர், இரண்டாக எடுத்தால் ஐந்நூறு என்று ஆசை காட்டட்டும். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டியதும் ‘குல்லே நஹி ஹை’, சில்லறை இல்லை என்று கைவிரிக்கட்டும்.

பிறகு வேடத்தை மாற்றிக்கொள்ளலாம். அப்போது தமிழருக்கே உரிய ஒரு தவறு தலைகாட்டும். நாம் ‘வாங்கிக்கிறேன்’ என்றால் சொல்கிறவர் ஆணா பெண்ணா என்பது வினைச்சொல்லில் தெரியாது. இந்தியில் ஆண் ‘லூங்கா’ என்பார், பெண் ‘லூங்கி’ என்பார். கணவரிடமோ ஆண் ஆசிரியரிடமோ கேட்டுப் பழகும் பெண்கள் அப்படியே ‘லூங்கா’ என்று சொல்லிவிடுகிறார்கள். மரியாதை விஷயத்திலும் கவனம் வேண்டும். ‘கம் கர்’ என்பது வாடா போடா ரகம். ‘கம் கரோ’ என்பது சந்தையில் சகஜம். புதிதாகப் பேசுகிறவருக்குக் ‘கம் கீஜியே’தான் பத்திரம்.

காய்கறி வாங்குவதையும் ஒரு சுற்று நடித்துப் பாருங்கள். அங்கே சிக்கல் விலையில் இல்லை, அளவில் இருக்கிறது. ‘பீஸ் ருபயே பாவ்’ என்றால் கால் கிலோ இருபது ரூபாய், அதாவது கிலோ எண்பது. ‘பாவ்’ காதில் விழாவிட்டால் கிலோவே இருபதுதான் என்று நினைத்து இரண்டு கிலோ போடச் சொல்லிவிடுவோம். காயின் விலையில் பெரிதாகப் பேரம் படியாது. ஆனால் கடைசியில் ‘தோடா தனியா டால் தீஜியே’ என்று கேட்டால், கொசுறாகக் கொஞ்சம் கொத்தமல்லி பெரும்பாலும் கிடைக்கும்.

‘ஏக் தாம்’ என்று பலகை மாட்டிய கடையில் இந்தப் பயிற்சிக்கு வேலை இல்லை. அங்கே ஒரே விலைதான். முதல் தடவை நேரில் போகிறவர்கள் கூட்டம் சேரும் மாலை வேளையையும் சனி, ஞாயிறையும் தவிர்த்து, கடை திறக்கும் நேரத்தில் போங்கள். நம்மூர்ப் போணி அங்கே ‘போஹ்னி’. முதல் வியாபாரத்தைக் கைநழுவ விட அங்கேயும் யாருக்கும் மனம் வராது, நிதானமாகவும் பேசுவார்கள். திங்கட்கிழமை சரோஜினி நகர்ச் சந்தைக்கு விடுமுறை.