ஜூன் மாதப் பாடத்துக்கு மார்ச்சில் வந்த பணம்

மார்ச் மூன்றாம் வாரம் பள்ளி அலுவலகத்தின் முன் பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள். ஜூனில் தொடங்கும் முதல் பருவத்துக்கான கட்டணம் வசூலாகிறது. 200 பிள்ளைகள், ஆளுக்கு 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 31 அன்று, நிதியாண்டு முடியும்போது, பள்ளியின் வங்கிக் கணக்கில் 36 லட்சம் இருக்கிறது. இது அந்த ஆண்டின் வருமானமா?

ஒரு ரூபாய்கூட இல்லை. ஜூனில் தொடங்கப்போகும் பாடம் ஒன்றுகூட இன்னும் நடக்கவில்லை. பள்ளி நடக்காமல் போனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நடந்தால் நான்கு மாதம் பாடம் சொல்லித் தர வேண்டும். எப்படியும் அது பெற்றோருக்குப் பட்ட கடன். அதனால் கணக்காளர் வங்கியைப் பற்று வைத்து, 'முன்கூட்டிப் பெற்ற கட்டணம்' என்ற தலைப்பில் வரவு வைக்கிறார். இருப்புநிலைக் குறிப்பில் அது பொறுப்புகள் பக்கம் உட்காரும். கல்விக் கட்டணத்தைப் பாடம் நடக்கும் காலம் முழுவதற்கும் பரப்பியே வருமானமாக்க வேண்டும் என்பது இந்தியக் கணக்கியல் தரம் 9 சொல்லும் வழி. பருவம் ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால், மாத முடிவில் 9 லட்சம் வருமானத்துக்கு மாறும். ஜூன் முடிவில் பொறுப்பு 27 லட்சம். செப்டம்பர் முடிவில் சுழியம்.

இதைச் செய்யாமல் 36 லட்சத்தையும் மார்ச்சிலேயே வருமானமாக எழுதினால் அந்த ஆண்டு பெரிய உபரி தெரியும். அதை நம்பி நிர்வாகம் புதுக் கட்டடத்துக்கு முன்பணம் கொடுத்துவிடும். கட்டடம் வேண்டாம், சம்பளத்தையே பாருங்கள். பள்ளியின் மாதச் செலவு 8 லட்சம். முந்தைய ஆண்டுக் கட்டணத்தில் மிச்சம் பிடிக்காததால், ஏப்ரல், மே சம்பளமும் இந்தப் பணத்திலிருந்தே போகிறது. பள்ளி திறக்கும் அன்று கையில் 20 லட்சம்தான். பாக்கியிருப்பது 36 லட்சத்துக்கான பாடம். ஜூலை முடிவில் 4 லட்சம் மிஞ்சும். ஆகஸ்ட் சம்பளத்துக்கு வழியில்லை.

ஜூன் முதல் தேதியிலேயே இது தெரிந்திருக்கும். வங்கி இருப்பையும் முன்கூட்டிப் பெற்ற கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். இருப்பு குறைவென்றால், நடக்காத பாடத்தின் பணம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. வரவு செலவை மட்டும் எழுதி வைக்கும் சிறு பள்ளிகளின் பெறுதல் செலுத்தல் கணக்கில் இந்த ஒப்பீடே கிடைக்காது. நான் பெரிதும் அஞ்சுவது அங்கேதான். அவர்கள் தனி நோட்டில் பருவவாரியாகவாவது எழுதி வைக்கலாம்.

காப்புத்தொகையை இதனோடு கலக்கக் கூடாது. பாடம் நடப்பதால் அது வருமானமாகிவிடாது. பிள்ளை பள்ளியை விட்டுப் போகும் வரை பொறுப்பாகவே நிற்கும்.

மே மாதத்தில் ஒரு குடும்பம் ஊர் மாறுகிறது, மாற்றுச் சான்றிதழ் கேட்கிறது. கட்டணம் முழுவதையும் திருப்பித் தரப் பள்ளி ஒப்புக்கொண்டால், வங்கியில் 18,000 குறையும், பொறுப்பிலும் 18,000 குறையும். வருமானத்தைத் தொட வேண்டிய தேவையே இல்லை.