கடை எண் மாறுகிறது

மளிகைக் கடையின் வாட்ஸ்அப் எண் மாறும்போது வாடிக்கையாளருக்குப் போகும் அறிவிப்பு நாலைந்து வரிதான். ஏறக்குறைய அதே வரிகளைத்தான் மோசடிக்காரர்களும் அனுப்புகிறார்கள்: "எங்கள் நம்பர் மாறிவிட்டது, இனி இதில் தொடர்பு கொள்ளுங்கள்." முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வரும் இந்தச் செய்தியை வாடிக்கையாளர் நம்பத் தயங்கினால் அது நியாயம்தான். ஆகவே அறிவிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, அது எந்த எண்ணிலிருந்து வருகிறது என்பதே முதல் கேள்வி.

அது பழைய எண்ணிலிருந்துதான் போக வேண்டும். மாதக்கணக்கில் சாமான் சீட்டு அனுப்பிய அதே உரையாடலில், அதே கடைப் பெயரின் கீழ் வந்து விழும்போது செய்திக்குத் தானாகவே நம்பகம் வந்துவிடுகிறது. இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்ப உதவும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் அனுப்புகிறவரின் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். புதிய எண்ணை இன்னும் யாரும் சேமித்திருக்க மாட்டார்கள். அதிலிருந்து அனுப்பிவிட்டு "எல்லாருக்கும் சொல்லியாச்சு" என்று கடைக்காரர் நிம்மதியாக இருப்பார். செய்தியோ யாருக்கும் போயிருக்காது.

வேலையின் வரிசையும் முக்கியம். செயலியின் அமைப்புகளில் 'கணக்கு' பகுதியில் எண்ணை மாற்றும் வசதி இருக்கிறது. அதே போனில் செய்தால் பழைய உரையாடல்கள் அப்படியே இருக்கும். தொடர்புகளுக்குத் தெரிவிக்கவா என்றும் அது கேட்கும். ஆனால் மாற்றிய பிறகு அந்தக் கணக்கிலிருந்து பழைய எண்ணில் எதுவும் அனுப்ப முடியாது. அதனால் அறிவிப்பு முதலில், எண் மாற்றம் பிறகு. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தாளும் ஒட்டியிருந்தால், சந்தேகப்படுகிறவர் நேரில் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

நல்ல அறிவிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம். வரும் திங்கள் முதல் நம்ம கடையின் வாட்ஸ்அப் எண் 9XXXXXXXXX. பொருள், அளவு, கம்பெனி பெயர், வீட்டு முகவரி எழுதி அனுப்புங்கள். காலை 11 மணிக்குள் வந்தால் அன்றே மாலை டெலிவரி. மொத்தத் தொகையை நாங்கள் எழுதிய பிறகே ஆர்டர் உறுதி. சந்தேகம் இருந்தால் பழைய எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள்."

இதோடு ஒரு இணைப்பையும் சேர்க்கலாம். அதைத் தொட்டால் எண்ணைச் சேமிக்காமலே உரையாடல் திறக்கும்:

```
https://wa.me/919XXXXXXXXX
```

இந்தியாவுக்கான 91 கட்டாயம். முன்னால் + குறியோ பூஜ்யமோ நடுவில் இடைவெளியோ கூடாது. அனுப்புவதற்கு முன் வேறொரு போனில் தொட்டுப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு இலக்கம் தவறினாலும் ஆர்டர் யாரோ ஒருவருக்குப் போகும்.

பொருள், அளவு, கம்பெனி என்று அறிவிப்பில் கேட்பது ஏன் என்பது முதல் சீட்டிலேயே தெரிந்துவிடும். "பருப்பு 1, எண்ணெய் 1, அரிசி 5" என்று ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். துவரம்பருப்பா, பாசிப்பருப்பா? எண்ணெய் கடலையா, நல்லெண்ணெயா, பாக்கெட்டா, கேனா? அரிசி புழுங்கலா, பச்சையா? நேரில் வந்திருந்தால் கடைக்காரர் கையைக் காட்டிக் கேட்டு அரை நிமிடத்தில் முடித்திருப்பார். சாட்டில் மூன்று கேள்வி கேட்டு, பதில் வருவதற்குள் டெலிவரி வண்டி கிளம்பிவிடும். "துவரம்பருப்பு 1 கிலோ, கடலை எண்ணெய் 1 லிட்டர் பாக்கெட், இட்லி அரிசி 5 கிலோ" என்று எழுதியிருந்தால் கேள்விக்கே இடமில்லை. எழுதச் சிரமப்படும் பெரியவர்கள் தாளில் எழுதிய சீட்டைப் படமெடுத்து அனுப்பலாம், குரல் செய்தியும் அனுப்பலாம். அப்போது கடைக்காரர் புரிந்துகொண்டதைத் திரும்ப எழுதி அனுப்புவது அவசியம்.

அறிவிப்பின் மாதிரியில் மொத்தத் தொகை பற்றிய வரி இருப்பதற்கும் காரணம் உண்டு. இரண்டு நீல டிக் விழுந்ததும் ஆர்டர் எடுத்துக்கொண்டாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். செய்தி திறக்கப்பட்டது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. கூட்ட நேரத்தில் திறந்து பார்த்து மறந்துவிடுவது எந்தக் கடையிலும் நடக்கும்.

பணம் தனி விஷயம். வாட்ஸ்அப் எண்ணை மாற்றினால் யுபிஐ கணக்கோடு இணைந்த எண் மாறிவிடாது. வங்கியில் பதிவான மொபைல் எண்ணைத் தனியாக மாற்ற வேண்டும். அது முடியும்வரை "பணம் அனுப்பும் முறையில் மாற்றமில்லை, கடையில் இருக்கும் அதே க்யூஆர்தான்" என்று ஒரு வரி சேர்ப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. பணம் அனுப்புமுன் திரையில் தெரியும் பெயர் கடைக்காரருடையதா என்று வாடிக்கையாளர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய சிம்மை உடனே கைவிடக் கூடாது. இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அதன் பிறகு பழைய எண்ணுக்கு வரும் சாமான் சீட்டும் வீட்டு முகவரியும் முகம் தெரியாத ஒருவர் கைக்குப் போகும். வங்கியில் எண் மாற்றப்படாமல் இருந்தால் ஓடிபி-யும் அங்கேதான் போகும். வங்கி வேலை முடிந்து, பழைய எண்ணுக்கு வரும் அழைப்புகள் நிற்கும்வரை, அந்த சிம்முக்குக் குறைந்தபட்ச ரீசார்ஜ் செய்து ஒரு பட்டன் போனில் போட்டுக் கல்லாவில் வைத்திருந்தால் போதும்.