கம்பு மாவு ஏன் சீக்கிரம் கசக்கிறது?

கம்பை அரைத்து வைத்தால் முதல் சில நாட்கள் மாவு மணமாக இருக்கும். வெயில் காலமென்றால் இரண்டாவது வாரத்திலேயே ரொட்டி லேசாகக் கசக்கும். டப்பாவைத் திறந்தால் பழைய எண்ணெய் வாடை வரும். பக்கத்து டப்பாவில் இருக்கும் கேழ்வரகு மாவோ இரண்டு மாதம் ஆனாலும் நன்றாகவே இருக்கும்.

வித்தியாசம் கொழுப்பில் இருக்கிறது. 100 கிராம் கம்பில் சுமார் 5 கிராம் கொழுப்பு உண்டு. கேழ்வரகில் 2 கிராம்கூட இல்லை. கம்பின் முளைக்கரு பெரியது, கொழுப்பில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. தானியம் முழுசாக இருக்கும்வரை கொழுப்பும், அதைச் சிதைக்கிற லிப்பேஸ் என்ற நொதியும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அரைத்தவுடன் இரண்டும் கலந்துவிடும். கசப்பு அங்கே தொடங்குகிறது.

மில்லில் மாவு சூடாகத்தான் விழும். அந்தச் சூடு நொதியை அடக்கப் போதாது, கெடுவதை வேகப்படுத்தத்தான் உதவும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் நீர் கோத்து மாவு கட்டிதட்டும். துணியில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகே மூட வேண்டும். அரைப்பதற்கு முன்பே கம்பை மணம் வரும்வரை வறுத்துக்கொண்டால் நொதி பெருமளவு செயலிழக்கும், மாவும் கூடுதல் நாள் தாங்கும்.

ஆகவே, கடையில் ஆறு மாதக் கெடுவுடன் கம்பு மாவு இருந்தால் தானியத்தை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். வறுத்தோ ஆவியில் சூடாக்கியோ அரைத்திருந்தால் நல்லது. தவிட்டையும் முளைக்கருவையும் நீக்கினாலும் ஆயுள் கூடும். ஆனால் நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் கூடவே போய்விடும். கம்புக்குரிய சாம்பல் நிறம் இல்லாமல் மாவு வெளுத்திருந்தால் எனக்கு இந்தச் சந்தேகம்தான் முதலில் வரும். எதுவும் எழுதவில்லையென்றால், பேக் செய்த தேதி மிக அண்மையில் இருக்கிற சிறிய பாக்கெட்டை எடுப்பது மேல்.

சத்துமாவில் கவனிக்க வேண்டியது வேறு. முன்பக்கத்தில் கம்பு, தினை, சாமை எல்லாம் படமாக இருக்கும். பின்பக்கத்துப் பட்டியலில் எடை அதிகமான பொருள்தான் முதலில் வர வேண்டும் என்பது சட்டம். கோதுமை, சர்க்கரை, கேழ்வரகு, பிறகு மற்றவை என்று வரிசை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சர்க்கரை கேழ்வரகைவிடக் குறைவில்லை என்று அதற்குப் பொருள். சேர்த்த சர்க்கரை 100 கிராமுக்கு 25 கிராம் என்றிருந்தால், 30 கிராம் மாவில் காய்ச்சும் ஒரு டம்ளர் கஞ்சியில் ஏழரை கிராம், ஒன்றரை தேக்கரண்டி சர்க்கரை குழந்தைக்குப் போகிறது. வெல்லத்தூளும் மால்டோடெக்ஸ்ட்ரினும் வேறு பெயரில் இருந்தாலும் ரத்தச் சர்க்கரையை ஏற்றுபவைதான்.

பாதாம், முந்திரி, வேர்க்கடலை சேர்ந்த மாவில் கம்பின் தொல்லை இரட்டிப்பாகும். அவற்றில் ஏறத்தாழ பாதி எண்ணெய். பொடித்துவிட்டால் காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும். கேழ்வரகு எத்தனை மாதம் தாங்கினாலும், கலவை பருப்புகள் தாங்கும்வரைதான் தாங்கும். பருப்பில்லாத தானியக் கலவையை வாங்கி, வறுத்த பருப்பை வாரத்துக்குத் தேவையான அளவு மட்டும் பொடித்துச் சேர்த்துக்கொள்ளலாம்.