ஒரே முகூர்த்தம், இரண்டு கல்யாணம்

கல்யாணப் புகைப்படத் தொழிலில் வருமானம் வருடம் முழுவதும் சீராக வருவதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. ஆவணி, தை, வைகாசி வந்தால் ஒரே முகூர்த்த நாளை நான்கு வீட்டார் கேட்பார்கள். மதுரையில் தனியாகத் தொழில் செய்யும் புகைப்படக்காரர் ஒரு நாளில் ஒரு மண்டபத்தில்தான் நிற்க முடியும். சம்பளத்துக்கு ஆள் வைத்தால் ஆடி மாதமும் சம்பளம் தர வேண்டும். அதனால் வளர நினைப்பவர், நாள் கணக்கில் பேசி வெளியாட்களைப் போடுகிறார்.

யாரைப் போடுவது என்பதில்தான் முதல் தவறு நடக்கிறது. இன்ஸ்டாகிராமில் ஒருவர் போட்டிருக்கும் இருபது படங்கள், பல கல்யாணங்களிலிருந்து பொறுக்கியவை. கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியது, ஒரே கல்யாணத்தில் அவர் எடுத்த படங்கள் மொத்தமும். தாலி கட்டும் நேரத்தில் தொடர்ச்சியாக எத்தனை படம் இருக்கிறது, வீடியோ விளக்கு எதிரே அடிக்கும்போது முகம் இருண்டதா, குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்கும் பாட்டியின் முகம் தெரிகிறதா என்பதையெல்லாம் அதில் பார்த்துவிடலாம். தேறியவரையும் உடனே முகூர்த்தத்துக்கு அனுப்புவதில்லை. முதலில் ஒரு வரவேற்பு நிகழ்ச்சிக்குக் கூடுதல் ஆளாக, கூலி கொடுத்து அழைத்துப் போவதே முறை. அங்கே தவறிய படத்தை அடுத்த விருந்தினர் மேடை ஏறும்போது ஈடுகட்டலாம். தாலி கட்டுவதை இரண்டாம் முறை எடுக்க வழியில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரே காலையில் திருப்பரங்குன்றம் கோயிலில் ஒரு கல்யாணம், மேலூர் மண்டபத்தில் ஒன்று. இரண்டும் எதிரெதிர்த் திசை. திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாளன்று பல ஜோடிகள் நெருக்கியடித்து நிற்பதால், அந்த இடத்தின் பழக்கம் தெரிந்த தொழில் உரிமையாளர் தானே அங்கே போகிறார். இடம் தாராளமாக உள்ள மேலூருக்கு வெளியாட்கள் இருவர் போகிறார்கள். மேலூர் ஆர்டர் 60,000 ரூபாய் என்று கொள்வோம். கேண்டிட் எடுப்பவருக்கு 10,000, வீடியோ எடுப்பவருக்கு 8,000, வண்டிச் செலவு 1,500, ஆல்பம் அச்சுக்கு 14,000, எடிட்டிங்குக்கும் வடிவமைப்புக்கும் 9,000. ஆக 42,500 போக 17,500 மிஞ்சும். அதில் 3,000 ரூபாயையாவது தொடாமல் வைக்க வேண்டும். ஆல்பத்தை மறுபடி அச்சடிக்க நேர்ந்தால் அந்தச் செலவு உரிமையாளர் தலையில்தான் விழும். வெளியாள் கூலி கொடுத்தபின் ஒன்றும் மிஞ்சாத விலைக்கு ஆர்டர் பிடித்திருந்தால், ஆள் போடுவதற்கு முன் விலையைத்தான் மாற்ற வேண்டும்.

பல கைகள் எடுத்த படம் ஒரே ஆல்பத்தில் ஒட்டாமல் நிற்பது அடுத்த சிக்கல். ஒரு கேமராவின் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தியிருந்தால், படங்களை நேரப்படி அடுக்கும்போது தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை மேடைக்கு வருவார். வேலை தொடங்குமுன் எல்லாக் கேமராவிலும் ஒரே கைப்பேசியின் கடிகாரத்தைப் படம் எடுத்துவைத்தால், வித்தியாசத்தைப் பின்னால் சரிசெய்துவிடலாம். ஒயிட் பேலன்ஸை ஆளுக்கொன்றாக வைத்தால் அரக்குப் பட்டு ஒரு பக்கத்தில் சிவப்பாகவும் அடுத்த பக்கத்தில் பழுப்பாகவும் தெரியும். அதனால் எல்லாரும் ரா ஃபைலில் எடுத்து, கலர் கரெக்‌ஷனை ஒருவரே செய்கிறார்.

மெமரி கார்டு வெளியாளின் வீட்டுக்குப் போகக் கூடாது. அன்றிரவே இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, படங்களைத் திறந்து பார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். கூலியில் ஒரு பகுதியை முன்பணமாகவும், மீதியைப் படங்கள் கைக்கு வந்த அன்றே முழுமையாகவும் கொடுத்துவிடுவது நல்லது. வீட்டார் பாக்கி வைத்திருப்பதைக் காரணம் காட்டி வெளியாளின் கூலியை இழுத்தடித்தால், அடுத்த முகூர்த்தத்துக்கு நல்ல ஆள் கிடைக்கமாட்டார்.

வீட்டாரிடம் மறைப்பதே நம்பிக்கையைக் கெடுக்கிறது. உரிமையாளரே வருவார் என்று எதிர்பார்த்த வீட்டில் முன்பின் தெரியாதவர் வந்து நின்றால், படம் நன்றாக இருந்தாலும் மனத்தாங்கல் மிஞ்சும். முன்பணம் வாங்கும்போதே யார் வருவார் என்று சொல்லி, அவர் எடுத்த படங்களைக் காட்டி, நிகழ்ச்சிக்கு முன் ஒருமுறை பேசவைத்துவிட்டால் அந்த மனத்தாங்கல் எழாது.

வெளியாளிடம் எழுதி வாங்க வேண்டியவை இரண்டு. மண்டபத்தில் தன் விசிட்டிங் கார்டைக் கொடுக்கக் கூடாது. வீட்டார் சம்மதமின்றித் தன் பக்கத்தில் படம் போடக் கூடாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர் என்கிறது. வீட்டார், தொழில் உரிமையாளர், வெளியாள் என்று மூவர் சேரும்போது யார் சொல்லி எடுத்தது என்பதிலேயே தகராறு வரலாம். அதனால் உரிமை யாருக்கு, யார் எங்கே படத்தைப் பயன்படுத்தலாம் என்பதை வீட்டாருடனும் வெளியாளுடனும் போடும் இரண்டு ஒப்பந்தங்களிலும் ஒரே மாதிரி எழுதிவைக்க வேண்டும்.