பிரஷர் பார்க்கும்போது வரும் இரண்டு இலக்கங்கள்

தாதி உங்கள் மேற்கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடிக்கும்போது கை இறுகும். அந்த நேரம் பட்டிக்குக் கீழே நாடியில் இரத்தம் ஓடாது. ஸ்டெதஸ்கோப்பில் சத்தமும் கேட்காது. பிறகு காற்றை மெல்ல மெல்ல விடுவார். இதயம் சுருங்கித் தள்ளும் இரத்தம் பட்டியின் இறுக்கத்தை மீறிப் பாயும்போது 'டக், டக்' என்று கேட்கத் தொடங்கும். அப்போது மானி காட்டுவது மேல் இலக்கம். நாடி முழுதாகத் திறந்து சத்தம் மறையும்போது காட்டுவது கீழ் இலக்கம். இதயம் இளைப்பாறும் வேளையில் நாடியில் இருக்கும் அமுக்கம் அது.

கொடிகாமம் சந்தையிலிருந்து வெயிலில் நடந்து வந்தவுடன் பார்த்தால் 152/94 என்று வரலாம். கதிரையில் சாய்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வைத்து, பேசாமல் 5 நிமிடம் இருந்தபின் 136/84 ஆகக் குறையலாம். இரண்டாவதே நம்பத்தக்கது. இப்படி ஆறியிருந்து வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் அது உயர் குருதியமுக்கம். ஓர் இலக்கம் மட்டும் கூடி நின்றாலும் அப்படியே.

இதற்குப் பெரும்பாலும் தலையிடியோ தலைச்சுற்றோ இராது. ஆனாலும் காலப்போக்கில் நாடிகள் தடித்து இதயமும் சிறுநீரகமும் பழுதாகும், பாரிசவாதமும் வரலாம். ஆகவே சுகமாக இருக்கிறதென்று குளிசையை நிறுத்தாதீர்கள். இடப்பெயர்வில் கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால், மிஞ்சிய குளிசை மட்டையைச் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையில் காட்டுங்கள்.

180/120 ஐத் தாண்டி, நெஞ்சுநோ, மூச்சுத்திணறல் அல்லது பார்வை மங்கல் இருந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். வாய் கோணினாலோ ஒரு பக்கக் கை கால் சோர்ந்தாலோ இலக்கம் பார்க்கக் காத்திராதீர்கள்.