ட்ரெயின் வேகமாத்தான் போகுது, அப்புறம் ஏன் லேட்டா போகுது?

சென்னை பீச்சில் இருந்து தாம்பரம் ஏறக்குறைய 30 கி.மீ. நடுவில் ஓடும்போது மின்சார ரயில் 70 கி.மீ. வேகத்தை ஈசியா தொட்டுடும். அப்போ அரை மணி நேரத்துக்குள்ள போய்ச் சேரணும் இல்லையா? ஆனா டைம்டேபிள்ல ஐம்பது நிமிஷம், அதுக்கு மேலயும் ஆகும். சராசரி வேகம் 35 கி.மீ. பக்கத்தில்தான் நிக்குது. மீதி வேகம் எங்கே போச்சுன்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிளஸ் ஒன் ஃபிசிக்ஸ் போதும்.

கணக்கு சுலபமா இருக்க சில எண்களை எடுத்துக்குவோம். ரயிலின் உச்ச வேகம் 72 கி.மீ., அதாவது விநாடிக்கு 20 மீட்டர். கிளம்பும்போது ஒவ்வொரு விநாடிக்கும் 0.5 மீ/வி வேகம் ஏறுது. பிரேக் போடும்போது ஒவ்வொரு விநாடிக்கும் 0.8 மீ/வி குறையுது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் 30 விநாடி நிக்குது.

பூஜ்ஜியத்தில் இருந்து 20-ஐத் தொட 40 விநாடி ஆகும். அதுக்குள்ள ரயில் 400 மீட்டர் ஓடியிருக்கும். மறுபடி நிக்க 25 விநாடி, 250 மீட்டர். ஆக, வேகம் ஏத்தி இறக்குறதுக்கு மட்டும் 650 மீட்டர், 65 விநாடி. இதே 650 மீட்டரை நிக்காம ஓடியிருந்தா 32.5 விநாடியில் தாண்டியிருக்கலாம். சரியா பாதி. இது தற்செயல் இல்லை. வேகம் சீரா ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தத் தூரத்தில் சராசரி வேகம் உச்ச வேகத்தில் பாதிதான், அதனால் நேரம் இரண்டு மடங்கு ஆகுது. இதை ஒரே வரியில் எழுதினா:

```
t = (v/2) × (1/a + 1/b)
```

இதில் v உச்ச வேகம், a வேகம் ஏறும் அளவு, b பிரேக் அளவு, t ஒரு நிறுத்தத்தில் நாம இழக்குற நேரம். இதில் ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் உள்ள தூரமே இல்லைன்னு கவனிச்சீங்களா? அடுத்த ஸ்டேஷன் 10 கி.மீ. தள்ளி இருந்தாலும் 1 கி.மீ. தள்ளி இருந்தாலும் அதே 32.5 விநாடி போகும். நிக்குற 30 விநாடியையும் சேர்த்தா ஒரு நிறுத்தத்தின் விலை 62.5 விநாடி. தூரம் குறையக் குறைய இந்த விலையை அடிக்கடி கட்டுறோம், அவ்வளவுதான்.

இப்போ முழு ரூட்டுக்கும் போடுவோம். பீச், தாம்பரம் ரெண்டையும் சேர்த்து 18 ஸ்டேஷன், 17 இடைவெளி. ஒவ்வொண்ணும் சராசரியா 1,750 மீட்டர்னு வைங்க. நிக்காம ஓடினா 87.5 விநாடி, இழப்பு 32.5, ஆக ஒரு இடைவெளிக்கு 120 விநாடி. அப்படிப் பதினேழுக்கு 34 நிமிஷம். நடுவில் 16 இடத்தில் அரை நிமிஷம் நிக்குறதால் இன்னும் 8 நிமிஷம். மொத்தம் 42 நிமிஷம். எங்கேயும் நிக்காம உச்ச வேகத்திலேயே ஓடினா 25 நிமிஷம். அந்த 17 நிமிஷத்தை முழுங்கினது நிறுத்தங்கள்தான்.

நிஜத்தில் இதைவிட அதிகம் ஆகுறதுக்கும் காரணம் இருக்கு. 0.5-ங்கிற அளவு கடைசி வரை நிலைக்காது. மோட்டாரின் பவர் ஒரு எல்லையைத் தொட்டதும், வேகம் ஏற ஏற இழுவிசை குறைஞ்சுடும். அதனால் 50-ல் இருந்து 70-க்குப் போக, 0-வில் இருந்து 20-க்குப் போனதைவிட அதிக நேரம் பிடிக்கும். கூடவே வளைவுகள், சிக்னல், தாமதத்தைச் சரிக்கட்ட டைம்டேபிள்ல விட்டு வைக்குற நிமிஷங்கள் எல்லாம் உண்டு.

சரி, உச்ச வேகத்தை ஏத்திட்டா பிரச்சனை தீருமா? 72-ஐ 108 ஆக்குவோம், அதாவது விநாடிக்கு 30 மீட்டர். இப்போ வேகம் ஏற 900 மீட்டர், நிக்க 562.5 மீட்டர். 1,750-ல் மிச்சம் இருக்குறது 287.5 மீட்டர்தான். உச்ச வேகத்தைத் தொட்டு பத்து விநாடி ஓடுறதுக்குள்ள பிரேக் போட்டாகணும். இடைவெளிக்கு 120 விநாடி இருந்தது 107 ஆகும். வேகத்தை 50 சதவீதம் ஏத்தி, மிச்சம் 13 விநாடி. ஆனா இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதனால் ஒவ்வொரு முறையும் 2.25 மடங்கு ஆற்றலை ரயிலுக்குக் கொடுத்து, உடனே பிரேக்கில் இறக்கணும். மோட்டாரையே ஜெனரேட்டரா மாத்துற பிரேக் இருந்தா கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், முழுசா இல்லை. அடுத்த ஸ்டேஷன் 700 மீட்டர்லயே இருந்தா இன்னும் மோசம். பழைய 72-லயே ரெண்டரை விநாடிதான் ஓட முடியும்.

அதே 72-ஐ வெச்சுக்கிட்டு, வேகம் ஏறும் அளவை 0.5-ல் இருந்து 1 ஆக்கினா? இழப்பு 32.5-ல் இருந்து 22.5 ஆகும். இடைவெளிக்கு 10 விநாடி லாபம், இயக்க ஆற்றலும் கூடாது. உச்ச வேகத்தை ஒன்றரை மடங்கு ஆக்கினதுக்குக் கிட்டத்தட்ட சமம். இதனால்தான் லோக்கல் ரயிலை ஒரு எஞ்சின் முன்னாடி நின்னு இழுக்கிறதில்லை. எஞ்சின் இழுத்தா அதன் சக்கரங்கள் மட்டும்தான் தண்டவாளத்தைப் பிடிச்சுத் தள்ளும், அதிகமா முறுக்கினா வழுக்கும். மின்சார ரயிலில் பல பெட்டிகளில் மோட்டார் பரவி இருக்கு, அதனால் மொத்த எடையில் பெரிய பங்கு பிடிமானத்துக்குப் பயன்படுது. இதுக்கும் ஒரு எல்லை உண்டு. 1.3 மீ/வி² பக்கம் போனா, நிக்குற பயணிகள் கம்பியைப் பிடிக்காம நிக்க முடியாது.

மூணாவது வழி ரொம்ப சாதாரணமானது: நிக்குற நேரத்தை 30-ல் இருந்து 20 ஆக்குறது. இதுவும் நிறுத்தத்துக்கு 10 விநாடி. ஒரு புது மோட்டார் தர்ற லாபத்தை, வாசல்லயே நிக்குற நாலு பேர் உள்ளே தள்ளி நின்னா வாங்கிடலாம். இது ஜோக் இல்லை, கணக்கில் ரெண்டும் ஒரே எண். மெட்ரோ பெட்டிக்கு அகலமான கதவுகளும் பிளாட்பார உயரத்துக்குச் சமமான தரையும் வைக்குறது இந்த 10 விநாடிக்காகவும்தான்.

பஸ்ஸில் இது இன்னும் தெளிவாத் தெரியும். 400 மீட்டருக்கு ஒரு ஸ்டாப், வேகம் 36 கி.மீ., ஏத்துறதும் இறக்குறதும் 1 மீ/வி²-ன்னு வைங்க. இழப்பு 10 விநாடிதான், ஆனா ஏறி இறங்க 20 விநாடி. மொத்தம் 70 விநாடி, சராசரி 20.6 கி.மீ. சிக்னலோ டிராஃபிக்கோ ஒண்ணுமே இல்லாத காலி ரோட்டில்! பிரேசிலின் குரிச்சிபா நகரத்தில் 1991-ல் குழாய் வடிவ பஸ் ஸ்டாப்புகளைக் கொண்டு வந்தாங்க. பயணிகள் உள்ளே நுழையும்போதே காசு கட்டிடுவாங்க, பஸ்ஸின் தரையும் ஸ்டாப்பின் தரையும் ஒரே உயரம். அவங்க குறைச்சது அந்த 20 விநாடியை.

நாலாவது வழி, சில ஸ்டேஷனில் நிக்காமலே போறது. ஸ்டேஷனுக்கு 62.5 விநாடி மிச்சம், மத்த எல்லா வழியையும்விடப் பெருசு. ஆனா ஆறு ஸ்டேஷனை விட்டா ஆறு நிமிஷத்துக்கு மேல முந்திடுவோம். முன்னாடி 5 நிமிஷத்துக்கு முன் கிளம்பின ரயில் அதே தண்டவாளத்தில் இருந்தா, அதன் பின்னாடி போய் நிக்க வேண்டியதுதான். மும்பையில் ஃபாஸ்ட் லோக்கலும் ஸ்லோ லோக்கலும் ஓடுறதுக்குத் தனித்தனிப் பாதை இருக்குறது இதனால்தான்.

அதோட, விட்டுட்டுப் போற ஸ்டேஷனிலும் ஆள் இருக்காங்க. "எங்க ஏரியாவுக்கு ஒரு ஸ்டாப் வேணும்"னு கேக்குறவங்களுக்கு அது பத்து நிமிஷ நடை மிச்சம். ஏற்கனவே ரயிலுக்குள்ள இருக்குற ஆயிரம் பேருக்கு ஆளுக்கு ஒரு நிமிஷம் செலவு. அதாவது நூறு பேருக்கு மேல அங்கே ஏறி இறங்கினா, அந்த ஸ்டாப் அதன் விலையைக் கட்டிடுது. அதுக்குக் கீழே போனா, அந்த நேரத்தை மத்தவங்க கட்டுறாங்க.

அடுத்த தடவை லோக்கல்ல போகும்போது ஸ்டாப்வாட்ச் ஆன் பண்ணுங்க. சக்கரம் நகர்ந்ததில் இருந்து நிக்குற வரை ஒரு நேரம், நின்னதில் இருந்து நகர்ற வரை இன்னொண்ணு. நாலு ஸ்டேஷனுக்கு எடுத்தாலே, உங்க ரூட்டில் நிமிஷங்களைத் தின்னுறது மோட்டாரா வாசலான்னு தெரிஞ்சுடும்.